இரண்டு சிப்பம், முப்பது தப்படி

செஞ்சி அரிசி மண்டியில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கிய முருகையனுக்கு, போன ஆடியில் இடுப்பில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. வலி நாலு மாதத்தில் விட்டது. இடது பாதம் மட்டும் மரத்தது மரத்ததுதான். பாதம் மட்டுமா? மகள் மணிமொழி நர்சிங் பாஸானபோதும் "ம்" என்றாரே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. மனுஷன் அப்படி ஆகிப்போனார்.

அந்த மண்டியில் ஒரு வழக்கம். நோயில் படுத்து எழுந்தவன், கைக்கொரு இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தோடு லாரியிலிருந்து கிடங்குச் சுவர் வரை முப்பது தப்படி நடந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவனுக்கு.

அதற்காகவே பிசியோதெரபி கலைவாணியிடம் மூன்று மாதம் தண்ணீர் கேன் தூக்கி நடந்தார்.

"விரல் நுனியில தொங்க விடாதீங்கண்ணா, உள்ளங்கையோட இறுக்கிப் புடிங்க. தோளு அசையாம நிக்கும். வயித்த சுத்தியும் இறுக்குங்க, மூச்ச அடக்காதீங்க. காலத் தூக்குறப்ப அந்தப் பக்கம் இடுப்பு சரியுது பாருங்க. நிக்கிற பக்கத்து இடுப்புதான் தாங்கணும். அடி சின்னதா வைங்க."

கடைசியில் இதையும் சொன்னாள்: "வெறுங்காலு வேணாம். பின்னால வார் வெச்ச செருப்பு வாங்குங்க."

அங்கேதான் கோட்டை விட்டார். மண்டியில் எல்லாரும் வெறுங்கால். விரலால் தரையைக் கவ்வி நடக்கிறவர்கள். வார் செருப்போடு போனால் 'ஆபீசர் வந்துட்டாரு' என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். பழைய ரப்பர் செருப்பே போதும் என்று போட்டுக்கொண்டு போனார்.

மேஸ்திரி பச்சைமுத்து தலையசைத்தார். முருகையன் சிப்பங்களின் மூலைக் காதைப் பிடித்துத் தூக்கினார். முதுகு நேராக நின்றது. பத்துத் தப்படி, இருபது. இடையில் இடப்பக்கம் லேசாக இறங்குவதுபோல் இருந்தது. இடுப்பை இறுக்கிச் சமாளித்தார். சுவரோரம் இரண்டையும் சத்தமில்லாமல் இறக்கினார். அப்பாடா! எட்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ லேசாக அசைந்தது.

யாரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தார். பாதி வழியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு.

பச்சைமுத்து அதை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டார்.

"எப்ப கழண்டுச்சுன்னு தெரியுமாடா?"

முருகையன் தன் இடது காலைப் பார்த்தார்.

"வெயிட்டு தூக்கிட்ட, இல்லன்னு சொல்லல. காலு எங்க இருக்குதுன்னே உனக்குத் தெரியலயே. நாளைக்கு லாரிப் பலகை மேல ஏறணும். விழுந்தீன்னா உன் பொண்டாட்டி செல்லம்மாளுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? வேணாம்பா. வூட்டுக்குப் போ."

செருப்பை மாட்டிக்கொண்டார். மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நெஞ்சில் அசைந்தது அதற்குள் அடங்கிப்போயிருந்தது.

வீட்டு வாசலிலேயே செல்லம்மாள் நின்றிருந்தாள். "இன்னா ஆச்சு? தூக்குனியா?"

"தூக்கிட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அவர் அதைப் பார்த்தபடி நின்றார்.