பன்னிரண்டால் வகுத்த கடல்

தேவாரம் ஓதிப் பழகிய நாவுக்கு விண்ணப்பக் கடிதங்களை உரக்க வாசிப்பது ஒருவகைத் தண்டனை. அடியார்கள் இறைவனிடம் முறையிடும்போது தமக்கு ஒரு தகுதியும் இல்லை என்றே தொடங்குவார்கள். விற்பனை வேலைக்கு விண்ணப்பிப்போர் தமக்கு இல்லாத தகுதியே இல்லை என்று தொடங்குகிறார்கள். விற்பனை மேலாளராக ஓய்வு பெற்ற பின்னும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் என் காலம் போகிறது. காலையில் கோயில்; சில நாட்களில் வெயில் ஏறியபின், உட்துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஒரு படகு என்ஜின் கடையின் மேல்மாடி.

கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அவருடைய வாப்பா வலையும் கயிறும் விற்ற இடத்தில் இவர் என்ஜினும் ஓயிலும் வயலுக்கு மருந்து தெளிக்கும் மெஷினும் விற்கிறார். கொழும்பு நிறுவனமொன்றின் முகவர் உரிமை அவரிடம் இருக்கிறது. ஆளெடுக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார். சென்ற புரட்டாசியில் கூப்பிட்டது, நகரக் கரையிலிருந்து நிலாவெளி வரையும், குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கமும் விற்பதற்கு ஓர் ஆள் தேடி. மாதம் ஆறு என்ஜின் இலக்கு. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் தொடர்ந்து மூன்று மாதம் இலக்குத் தவறினால் வேலை போய்விடும். ஐப்பசியில் சேர வேண்டும்.

வந்த விண்ணப்பங்களில் இரண்டைத்தான் மேசையில் வைத்திருந்தோம்.

"இதுக்கு மேல என்ன பாக்க இருக்கு ஐயா?" முதலாவதை என் பக்கம் தள்ளினார் கடைக்காரர். "நூற்றி நாப்பது சதவீதம். மற்றது தொண்ணூற்றிரண்டு. சின்னப்பிள்ளையும் சொல்லும் எது பெருசெண்டு."

"சின்னப்பிள்ளை சொல்லும். அதுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டனீங்கள்."

சிரித்தார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

சதவீதம் என்பது மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் உள்ள விடயம். கீழே உள்ளதை யாரும் பார்ப்பதில்லை. முதலாவதை எழுதிய இளைஞருக்கு ஆண்டு இலக்கு ஐம்பது என்ஜின், விற்றது எழுபது. பொய் இல்லை. ஆனால் மிகப் பெரிய விற்பனை என்ற இடத்தில், பெருமையோடு, தென்பகுதிச் சுற்றுலா நிறுவனமொன்றுக்கு ஒரே ஓர்டரில் நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தார். அதைக் கழித்தால் மிச்சம் இருபத்திரண்டு. இலக்கில் பாதியும் இல்லை.

"பெரிய மீன் பிடிச்சவன் கெட்டிக்காரன் இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"கெட்டிக்காரன்தான். அவர் ஒரே கொம்பனியிட்ட மாசக்கணக்காக் கதைச்சு ஓர்டர் எடுக்கிறவர். இங்க வாங்கிறவர் ஆர்? ஒரு படகுக்காரர், ஒரு என்ஜின். அதுக்கும் மூண்டு தரம் போக வேணும். நாற்பத்தெட்டு என்ஜின் ஒரேயடியா வாங்கிற ஆள் உங்கட பகுதியில ஆர் இருக்கினம், சொல்லுங்கோ."

"சீனன்குடாவில..." என்று தொடங்கியவர் தானே நிறுத்திக்கொண்டார். அங்கே உள்ள பெரிய நிறுவனங்கள் எல்லாம் கொழும்பில் கேள்விப்பத்திரம் என்னும் டெண்டர் வழியாக வாங்குகிறவை. நம் கடைவாசலுக்கு வருகிறவை அல்ல.

இரண்டாவது, சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. அவர் வேலை செய்த கிளை மூடப்பட்டுவிட்டது. ஆண்டு இலக்கு அறுபது, மாதம் ஐந்து; விற்றது ஐம்பத்தைந்து. பெரும்பாலும் ஒற்றை என்ஜின்கள். பகுதி மூதூரும் கட்டைபறிச்சானும். பொறுப்பேற்றபோது அந்தப் பக்கம் இரண்டு கடைகள்தாம் அவருடைய நிறுவனத்திடம் வாங்கின, விலகும்போது ஒன்பது. வேறொருவர் உழுது வைத்த நிலத்தில் அவர் அறுக்கவில்லை. மாதக் கணக்கையும் தாமாகவே இணைத்திருந்தார். அதைக் கண்டுதான் கடைக்காரர் முகம் சுளித்தார்.

"நாலு மாசம் கோட்டை விட்டிருக்கு. நாலு மாசத்துக்கும் சேத்து ஏழு என்ஜின்."

"எந்த நாலு மாசம்?"

விரலை வைத்துப் பார்த்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே உட்துறை ஒரு தட்டில் ஊற்றிய எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. உட்துறை எப்போதும் அப்படித்தான். வாடைக்காற்று வீசும் அந்த மாதங்களில் படகுகளைக் கரையேற்றிவிடும் வெளிக்கடலின் சீற்றத்தை அது காட்டிக்கொடுப்பதில்லை.

"வாடை," என்றார் மெல்ல.

"மற்ற எட்டு மாசமும் ஆறு ஆறு. கொம்பனி கேட்டது ஐந்துதான்."

பிள்ளைப் பருவத்திலிருந்து வாடையின் ஓசை கேட்டு வளர்ந்த மனிதர் அவர். ஆனாலும் கொழும்பிலிருந்து வரும் ஆண்டு இலக்கைப் பன்னிரண்டால் வகுத்துச் சுவரில் ஒட்டிவிடுவார். கொழும்பிலும் அப்படித்தான் வகுப்பார்கள் என்பதால். ஊர் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். கடலைத் தெரிந்தவர்களே கணக்கென்று வந்தால் கடலை மறந்துவிடுகிறார்கள். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அந்தப் பெண்ணை மறுநாள் வரச் சொன்னோம். ஸ்கூட்டரில் வந்தார், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் அமர்ந்தார். கடைக்காரர் நிபந்தனைகளை வாசித்தார். நான் மகிழ்ச்சியை எதிர்பார்த்தேன்.

"சேர், ஒண்டு கேக்கலாமா? முதல் இருந்தவர் எத்தின மாசம் நிண்டவர்?"

"அஞ்சு மாசம்."

"எப்ப சேர்ந்தவர்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"போன ஐப்பசி," என்றார்.

"அப்ப அவரை வாடைதான் அனுப்பினது, நீங்கள் இல்லை." குரலில் கிண்டல் இல்லை; களைப்புத்தான். "எனக்கு இந்த வேலை வேணும் சேர். வீட்டில என்ர உழைப்பு மட்டும்தான். ஆனா தை மாசம் தோத்துப்போய் நிண்டா, அடுத்த இடத்தில ஆரும் என்னை எடுக்க மாட்டினம். வாடையில ஆறு என்ஜின் ஏலாது. உங்களாலையும் ஏலாது."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க தங்கச்சி?"

"தம்பலகாமத்தையும் தாங்கோ. கடல் மூடுற நேரம்தான் அங்க பெரும்போக வயல் பச்சையா நிக்கும். மருந்தடிக்கிற மெஷின், ஓயில் எல்லாம் போகும். அதுகளின்ர பெறுமதியையும் என்ர இலக்கில சேருங்கோ. வருச இலக்கில ஒண்டும் குறைக்கச் சொல்லி நான் கேக்கேல்லை."

ஒரு பகுதிக்குப் பொருந்தும் ஆளைத் தேடி நாங்கள் அவருடைய தாள்களைப் படித்தோம். அவர் எங்கள் பகுதியைப் படித்துவிட்டார். அவர் கேட்டதில் ஒரு முள் இருந்தது, அதை அவர் அறியார். தம்பலகாமம் கடைக்காரரின் மருமகன் கையில் இருந்தது. வாரத்தில் ஒருநாள் காரில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிற பகுதி.

"யோசிச்சுச் சொல்றன்," என்று அவரை அனுப்பிவைத்தார். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஐயா, மகள்ட முகத்தில எப்படி முழிக்கிறது?"

"அந்த முதல் பொடியனை எடுத்தா ஒருத்தற்ற முகத்திலயும் முழிக்கத் தேவையில்லை," என்றேன். "மாசியில என்னைத் திரும்பக் கூப்பிடுவீங்கள். இன்னொருத்தரைத் தேட."

"நீங்க வருவீங்கதானே?"

"வருவன். களைச்சுப்போய் வருவன்."

பள்ளிவாசலில் அசருக்கான பாங்கு கேட்டது. எழுந்து தொப்பியை எடுத்தார், மீண்டும் அமர்ந்தார். சுவரில் ஒட்டியிருந்த மாத இலக்குத் தாளை நகத்தால் ஓரம் பெயர்த்து இழுத்தார். பாதி கிழிந்தது, பாதி ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"மருமகன், கடைக்கு ஒருக்கா வாங்க. இல்ல, பிரச்சினை ஒண்டும் இல்ல. தம்பலகாமத்துக் கதை." சற்றுக் கேட்டிருந்தார். "ஓம், இண்டைக்கே."

அவர் தொழப் போனார். நான் மிஞ்சியிருந்த தாளைச் சுரண்டிக்கொண்டு, காலையில் பாதியில் விட்ட பதிகத்தைத் தொடர்ந்தேன்.