பாலிபேக்கில் போன பேடா

தீபாவளிக்கு முந்தைய பத்து நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அநாவசியமாகப் பேச மாட்டார்கள். பேசினால் கடித்துவிடுவேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் பாதி உண்மை. மண்ணரை என்கிற பகுதியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, அதில் அடுப்பு போட்டு, பனியன் கம்பெனிகளுக்கு ஸ்வீட் செய்து கொடுக்கிறோம். மற்ற நாளில் நான் சாதுதான். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் எனக்குப் பால் மட்டும்தான் கண்ணில் தெரியும்.

பால் பலகாரத்தோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. லட்டு பத்து நாள் தாங்கும். நெய்யில் போட்ட மைசூர்பாகு அதற்கு மேலும் தாங்கும். பர்பியும் பேடாவும் அப்படி இல்லை. எவ்வளவு கிளறிச் சுண்ட வைத்தாலும் கோவாவுக்குள் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். நல்ல வெயிலில் வெளியே வைத்தால் இரண்டு நாள், மிஞ்சிப் போனால் மூன்று. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் ஓடும். இதை ஆர்டர் கொடுக்க வருகிற எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், அப்புறம் அவரவர் இஷ்டத்துக்குச் செய்வார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வராமலே ஏமாற்றிவிட்டது. சித்திரை மாதிரி காய்ந்தது. எங்களிடம் வழக்கமாக வாங்குகிற ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ் வந்து, தொழிலாளர்கள் எல்லோருக்கும் பால் பர்பியும் பேடாவும் வேண்டும் என்றார். கொடுத்த வாக்கு தவறாத பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். இந்த வெயிலுக்கு வேண்டாம், மைசூர்பாகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினேன். போன தடவை லட்டு கொடுத்ததற்கு எல்லோரும் முகத்தைச் சுளித்தார்களாம், இந்த முறை பால் ஸ்வீட்தான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சரி, வாங்கிய அன்றே கொடுத்துவிட வேண்டும், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொரு டப்பாவின் மேலும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஸ்டிக்கரும் ஒட்டினோம். இரவெல்லாம் தட்டுகளை ஃபேனுக்கு அடியில் பரப்பி, தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் டப்பாவில் அடுக்கினோம். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் மறுபடி பலகாரத்தின் மேலேயே சொட்டும். கம்பெனி அன்று சாயங்காலம் தீபாவளி லீவுக்குப் பூட்டுவதாக இருந்ததால் காலையிலேயே அனுப்பி வைத்தேன்.

நான்காம் நாள் காலை, முதலாளி வீட்டுக்கு என்று தனியாகச் சொல்லியிருந்த மைசூர்பாகு டப்பாக்களை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். பூட்டிக் கிடக்கும், வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைத்துப் போனால் உள்ளே மிஷின் சத்தம். ஷிப்மென்ட் இன்ஸ்பெக்ஷனில் மாட்டிக்கொண்டதாம். அது போகாமல் கம்பெனியைப் பூட்ட முடியாது என்று லீவையும், அதோடு ஸ்வீட் கொடுப்பதையும் தள்ளி வைத்துவிட்டார்கள். என் பர்பி எங்கே என்று கேட்டேன். பேக்கிங் செக்ஷனில் பத்திரமாக இருக்கிறது என்று இன்சார்ஜ் சிரித்த முகமாக அழைத்துப் போனார்.

என் டப்பா ஒவ்வொன்றும் டி-ஷர்ட் போடுகிற பாலிபேக் என்கிற பாலிதீன் கவருக்குள் போயிருந்தது. கவருக்கு வாய் ஒட்டியிருந்தது. உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நான் ஒட்டிய தேதிக்கு மேலேயே, கம்பெனி பெயர் போட்ட வாழ்த்து ஸ்டிக்கர், கோணாமல் நடுமத்தியில். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் போட்டு, அயர்ன் டேபிள்களுக்குப் பின்னால் சுவரோரமாக ஏற்றி வைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி ஸ்டீம் புஸ் புஸ் என்று வந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, எல்லா டப்பாவையும் ஊசி இருக்கிறதா என்று பார்க்கிற மிஷினிலும் விட்டு எடுத்தார்களாம். பர்பிக்குள் தையல் ஊசி.

"ஏந் தம்பி, இது நா அனுப்புனதுதானுங்களா?" என்றேன்.

"ஆமாங்க்கா. ஷிப்மென்ட் பேக்கிங் மாதிரியே பண்ணியிருக்கறமுங்க. வெளிய இருந்து சொட்டு ஈரம் உள்ள போவாதுங்க."

"உள்ள இருக்கற ஈரம் எங்கீங்க போகும்?"

அவருக்குப் புரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கன்டெய்னரில் மாசக்கணக்கில் போகிற பனியனில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அவர்கள் தலைகீழாக நின்று கற்றுக்கொண்ட வித்தை அது. துணி காய்ந்த பொருள், அதற்கு அது சரி. பால் பலகாரத்தை இப்படி மூச்சு முட்டக் கட்டிச் சூட்டில் வைத்தால் அதுவே வேர்த்து, அதுவே புளித்து, அதுவே கெடும். அந்தச் சின்னப் பொட்டலம் எத்தனை ஈரத்தைத்தான் குடிக்கும்?

ஒரு கவரைப் பிய்த்தேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பர்பியைத் தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டியது. லேசாகப் புளித்த மாவு வாசனை. அடுத்த டப்பாவில் பேடாக்களின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு. மூன்றாவதைத் திறந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அதில் ஒன்றுமே தெரியவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, வாசனையும் நன்றாகவே இருந்தது. பஞ்சு பூத்ததை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். பார்வைக்கு நல்லதாக இருந்துகொண்டு உள்ளே கெட்டுப்போனதைத்தான் ஆசையாகத் தின்பார்கள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி ஆரம்பிக்கும். மறுபடி அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது.

எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னேன். இன்சார்ஜ் முகம் வெளுத்துவிட்டது. நான் போட்ட சத்தத்துக்குத்தான் என்று நினைத்தேன். அவர் சொன்னார்:

"டிக்கெட் போட்டிருந்த வடக்கத்தி ஆளுங்களுக்கு மட்டும் நேத்து சாயந்தரமே குடுத்துட்டமுங்க்கா. அவிங்க ரயிலேறிட்டாங்க."

ஒடிசாவுக்கு ரயில் மாறி மாறி மூன்று ராத்திரிப் பயணம். ஜன்னலோரம் அடிக்கிற அனலில், பைக்குள், ஒட்டிய கவருக்குள் என் பேடா. ஊருக்குப் போனதும் பிள்ளைகள் ஓடி வந்து பையைத்தான் முதலில் பிரிப்பார்கள்.

இன்சார்ஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தப்பித்து ஓடவில்லை. இந்தி தெரிந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அங்கேயே குரல் செய்தி போட வைத்தார். யாரும் சாப்பிட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள், வந்ததும் வேறு தருகிறோம் என்று. ஒவ்வொருவராகப் பதில் வந்தது. பெரும்பாலும் ஊருக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் ராத்திரியே சாப்பிட்டுவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் பேசிய சோர்ந்த குரலைக் கேட்க முடியாமல் நான் வெளியே வந்து நின்றேன். மத்தியானத்துக்குள் அவர்கள் தேறிவிட்டார்கள்.

துணியில் குறை பார்த்து ஒதுக்குகிற செக்கிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. போன் அணைந்து கிடந்தது. அவளுக்கு ஊரில் ஐந்து வயதில் ஒரு மகள், மாமியாரிடம் வளர்கிறது என்றார்கள். பார்த்தே ஒன்றரை வருஷம் ஆகிறதாம். அவள் வேறு பெட்டியில் ஏறியிருந்தாள், எந்தப் பெட்டி என்று கூட வேலை செய்பவர்களுக்கும் தெரியவில்லை.

அன்றும் மறுநாளும் நான் அடுப்பு வேலை எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. பாகு இரண்டு தடவை முறுகிப்போனது. கம்பெனியில் வாங்கி வந்த அவள் எண்ணை அழுத்துவதும், அணைந்திருக்கிறது என்று ஒரு குரல் சொல்வதைக் கேட்பதுமாக இருந்தேன். பார்த்தே இராத ஒரு குழந்தை என் பேடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. சோமனூரில் இருந்து வந்திருந்த என் நாத்தனார், உன் மேல் என்ன தப்பு, நீ சொல்லித்தானே கொடுத்தாய் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தால் எனக்கு ஒரு வாய் சோறும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை போன் எடுத்தாள். ஸ்டேஷனில் சார்ஜ் போட்டுவிட்டு, ஊருக்குப் போகிற ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. திறக்காதே, பிள்ளைக்குக் கொடுக்காதே என்று கத்தினேன். "சரிங்க மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டு, அடுப்படியில் எல்லோரும் பார்க்க அழுதேன். என் கணவர் முதல் தடவையாகப் பயந்து போனார்.

கதை அதோடு முடிந்ததாகத்தான் நினைத்திருந்தேன். கம்பெனி திறந்து நாலைந்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் ஒல்லியாக ஒரு பெண் எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். குரலைக் கேட்டதும் அவள்தான் என்று தெரிந்தது. துணிப்பையில் இருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதே டப்பா, அதே கவர், வாய் பிரிக்கவே இல்லை. கவர் காற்றடித்த தலையணை மாதிரி உப்பியிருந்தது. நசுங்கிய மூடி வழியே சாம்பலும் பச்சையுமாக ரோமம் தெரிந்தது.

"ரிஜெக்ட் பீஸ்ங்க மேடம்" என்றாள். "பீஸக் கொண்டாந்து காட்டுனாத்தான் எங்க கம்பெனில மாத்திக் குடுப்பாங்க. தூக்கிப் போட்டா, பீஸ் எங்கேன்னு கேப்பாங்க. அதான் கொண்டாந்துட்டேன்."

பிள்ளை இருக்கிற வீட்டில், அத்தனை நாள் இதையா வைத்திருந்தாய் என்று கேட்டேன். பரண் மேல் வைத்திருந்தாளாம். இது கம்பெனிப் பொருள், தொடக் கூடாது என்று சொன்னதும் மகள் தொடவில்லையாம். தினம் காலையில் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகுமாம். அவ்வளவு சமத்து என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சனியன் பிடித்த டப்பாவைக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தேன். நெய் மைசூர்பாகு இரண்டு டப்பா போடுகிறேன், பார்சலில் போனாலும் கெடாது, விலாசம் சொல் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். பார்சலில் வந்தால் யார் கொடுத்தது என்று மகளுக்கு எப்படித் தெரியும்?

"நானே கையில குடுக்கணுங்க" என்றாள்.

எப்போது போவாய் என்று கேட்டேன். இனி லீவு கிடைக்காது, அடுத்த தீபாவளிக்குத்தான் என்றாள். அதுவரை தாங்குகிற ஸ்வீட் எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.