அரை மணி நேரம் ஓட்டிப் பார்

சேதராப்பட்டுக் கம்பெனியில் என் சித்தி மகன் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர், சொந்தமாக நல்ல மெஷின் இருந்தால் கல்யாண வீடியோ எடிட்டிங் தருகிறேன், முதலில் ஒன்று செய்து காட்டு என்றார். புதிது வாங்க வழியில்லை. பழைய கேமிங் பிசி ஒன்று கிடைத்தால் போதும், விளையாட்டை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டே வீடியோவையும் ஓட்டிவிடும்.

"அப்டியே நானும் கொஞ்சம் விளையாடிக்குவேன்க்கா" என்றான்.

"மொதல்ல சோத்துக்கு வழி பாருடா."

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழைய மெஷின்களோடு மல்லுக்கட்டியே எனக்குக் குணம் கெட்டுவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அதனால் கடையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி, அவனுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

நாம் போகும்வரை மெஷினை ஆன் செய்யக் கூடாது, சூடாறிய மெஷின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து மூடியைக் கழற்றச் சொல், தூசி, துரு, கருகிய வாடை இருக்கிறதா பார். பவர் சப்ளை பெயர் தெரியாத கம்பெனியா பார், மற்ற எதில் சமாளித்தாலும் அதில் சமாளிக்காதே. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருள் என் பென்டிரைவில் இருக்கிறது. கார்டு சொன்ன கார்டுதானா என்று மெஷினிடமே கேள், ஸ்டிக்கரிடம் கேட்காதே. எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் எதையாவது செருகிப் பார். கடைசியாக, கார்டுக்கு முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிப் பார். சூடு எவ்வளவு ஏறுகிறது, திரையில் கோடோ கட்டமோ வருகிறதா என்று கவனி. இதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டேன்: கடைக்காரர் வாயை நம்பாதே.

அவன் பட்டியலைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எந்தக் கடைடா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அவனுடைய ஞானத்தகப்பன் கடை.

ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்றவர். சின்ன வயதில் அவன் புதுநன்மை வாங்கிய பூசைக்குச் சட்டையும் செயினும் போட்டவர். சித்தப்பா செத்த அன்று சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர். ஊருக்குள் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். எந்தப் புது வேலையையும் அவர் கையால் தொடங்கினால் விளங்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் பலருக்கும் இருக்கிறது.

கடைக்குப் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் கை வைத்தேன், நல்ல சூடு. நான் அவனை முறைத்தேன். அவன் ஃபேனைப் பார்த்தான்.

"காலைலயே போட்டு எல்லா அப்டேட்டும் பண்ணி வச்சிட்டேன்டா, நீ வந்து காத்துக்கெடக்கக் கூடாதுன்னு" என்றார் அவர், சந்தோஷமாக. அணைத்து வைக்கச் சொல்லும்படி நான் சொன்னதை அவன் அவரிடம் சொல்லவே இல்லை.

டிஸ்க் நன்றாக இருந்தது. மெமரி சரி. பவர் சப்ளை நல்லதுதான். கார்டும் சொன்ன கார்டேதான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசிச் சோதனையைத் தொடங்கினேன். மின்விசிறிகள் இரைய ஆரம்பித்தன. சில நிமிடங்களிலேயே, போதும் என்று தம்பி கண்ணால் ஜாடை காட்டினான். நான் கண்டுகொள்ளவில்லை.

அவன் கையில் மடித்து வைத்திருந்த தாளை அவர் அப்போதுதான் பார்த்தார். "என்னடா அது?" என்று வாங்கிப் பிரித்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உதடு அசைய மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் உதடு நின்றது.

"வாயை நம்பாதேன்னு எழுதியிருக்கு."

"பொதுவா எழுதினது மாமா" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுதியது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை, ஆனால் அதை அவர் படித்தது எனக்கு வலித்தது.

தாளை மடித்து அவனிடமே கொடுத்தார். "ஓட்டும்மா. முழுசா ஓட்டு" என்றார். குரல் மாறியிருந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி நேரம்கூட ஆகியிருக்காது, திரையின் மூலையில் பச்சைக் கட்டங்கள் தெறித்தன. பிறகு ஊதா. பிறகு திரை முழுவதும் கட்டம் கட்டமாகி இருண்டுபோனது. சூடு ஏறியதும் கார்டின் மெமரி சிப் தகராறு செய்கிறது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றுகிற முகம் இல்லை அது. ஏமாந்த முகம்.

"எனக்குக் குடுத்தவன் நல்லாருக்குன்னுதாம்மா சொன்னான். நானும் கேம் போட்டுப் பாத்தேனே" என்றார்.

"ஒருவேளை கரண்டு ஏறி எறங்குதா மாமா?" என்று முந்திக்கொண்டான் தம்பி. "இல்ல, கார்டு சரியா ஒக்காரலையோ?"

அந்த வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். மெஷினை அணைத்து, மூடியைத் திறந்துபோட்டுக் கார்டைக் கழற்றி, அழிரப்பரால் அதன் பொன்னிற விளிம்பைத் தேய்தேய் என்று தேய்த்தார். துடைத்து, ஊதி, மறுபடி மாட்டி ஆன் செய்தார். அதற்குள் கார்டு ஆறிவிட்டது. ஆறினால் ஓடத்தான் செய்யும். ஓடியது.

"பாத்தியா!" என்றார் குழந்தை மாதிரி.

"இன்னொரு அரை மணி நேரம் ஓட்டணும் மாமா" என்றேன்.

தம்பி குனிந்து என் பென்டிரைவை உருவிவிட்டான். "போதும்க்கா. மாமா கையாலதான் வாங்குவேன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்."

மெஷினை அவர் இரண்டு கையாலும் எடுத்து அவன் கையில் வைத்தார், நெற்றியில் சிலுவை போட்டார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். அவன் உருவிப் போட்ட பென்டிரைவை ஆத்திரத்தோடு எடுத்துப் பையில் போட்டேன்.

கருவடிக்குப்பத்தில் அவன் அறை மொட்டைமாடியில், மேலே தகர ஷீட், உள்ளே அடுப்பு மாதிரி சூடு. முதல் கல்யாணத்தின் வீடியோவை ஏற்றியதுமே பச்சைக் கட்டங்கள் வந்துவிட்டன. கொஞ்சம் ஓட்டுவது, அணைப்பது, மூடியைத் திறந்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது, மறுபடி ஓட்டுவது என்று பிள்ளை பெறாத குறையாக அந்த வேலையை முடித்தான். பொண்ணு வீட்டார் கேட்ட நாளில் கொடுக்க முடியவில்லை. ஸ்டூடியோக்காரர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

"போய்த் திருப்பிக் குடுடா. அவரு மாட்டேன்னா சொல்லுவாரு?" என்றேன்.

"மாட்டேன்னு சொல்ல மாட்டாருக்கா. அதான் குடுக்க முடியல."

ஓங்கி அறையலாம் என்று தோன்றியது, அழுகையும் வந்தது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து கோயில் வாசலில் அவர் கேட்பார்: "மெஷின் எப்டிடா?" அவன் சொல்வான்: "சூப்பரா ஓடுது மாமா." நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செருப்பு மாட்டுவேன்.

போன ஞாயிறு அவன் வரவில்லை. அவர் என்னிடம் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"அவன் எங்கிட்ட நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். நீ சொல்லும்மா. நெசமாவே ஓடுதா?"

அவர் கேட்ட விதத்தில் பயம் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஓடுது மாமா. நல்லா ஓடுது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. நீ பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதே ஆளுகிட்டருந்து அந்த மாதிரி இன்னும் ரெண்டு எடுத்து வச்சிருக்கேம்மா. மனசு கேக்காம விக்காம வச்சிருந்தேன். ஒங்க காலேஜ் பசங்க யாராவது கேட்டா அனுப்பு."