கென்யாவுக்குக் கீழே சவூதி

பதுளைக் கூட்டுறவுக் கடைக்கு முன்னால் பாண் வரிசை விடிகிற நேரத்திலேயே வளைந்து நின்றது. எழுபத்துநாலாம் ஆண்டின் தொடக்கம். மாவுக்குப் பஞ்சம், பாணுக்குப் பஞ்சம். வரிசையில் நிற்க மட்டும் பஞ்சமில்லை. ஸுபைரா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மடித்த காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மடிப்பு அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. நீளத் தாளில் இடப்பக்கம் நாடு, நடுவில் தலைநகரம், வலப்பக்கம் நாணயம். வலப்பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டால் விடை மறைந்துவிடும். நாட்டைப் பார்த்து விடையைச் சொல்லி, பிறகு தாளைத் திருப்பிச் சரி பார்க்க வேண்டும். வரிசை ஒரு அடி நகர்வதற்குள் மூன்று நாடு முடியும்.

பின்னால் நின்ற ஷுக்ரி ஹாஜியாருக்குப் பொழுது போகவில்லை. கடைத்தெருவில் தொப்பிக் கடை வைத்திருப்பவர். அறுபத்தாறில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். அந்தக் கதையை ஊரில் கேளாத காது இல்லை.

"என்ன மகள், காலையிலயே ஓதுற? யாஸீனா?"

"இல்ல ஹாஜியார். பரீட்சை."

"சத்தமா ஓது, நாங்களும் கேப்போம். பாண் கெடைக்காட்டியும் நன்மை கெடைக்கட்டும்."

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஸுபைராவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். "கென்யா, நைரோபி, ஷில்லிங். சவூதி அரேபியா, ரியாத், ஷில்லிங். சிங்கப்பூர்..."

"நில்லு நில்லு. சவூதில என்ன?"

"ஷில்லிங்."

"மகள், நான் ஜித்தாவுல எறங்கி ஒட்டகக் கறி வாங்கினது ரியாலுக்கு. ஷில்லிங்க நீட்டியிருந்தா என்னையும் சேத்துத் தராசுல போட்டிருப்பான்."

வரிசையே சிரித்தது. ஸுபைராவின் முகம் சூடாயிற்று. ரியால் என்பது அவளுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டு வந்த சொல். ஆனால் மூன்று நாளாக இந்தத் தாளைச் சொல்லிச் சொல்லி, வாய் தன் பாட்டில் ஓடிவிட்டது. நேற்றுக்கூட அந்த இடத்தில் ஏதோ இடறியது. புத்தகத்திலிருந்து நம் கையால் எடுத்ததுதானே என்று தாண்டிப் போய்விட்டாள்.

தாளை விரித்துப் பார்த்தாள். கென்யாவுக்கு நேராக ஷில்லிங். அதற்குக் கீழே சவூதி, சிங்கப்பூர், சிரியா மூன்றுக்கும் நேராக 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. பிறகு சீனா, யுவான். அதற்குக் கீழே சுவிட்சர்லாந்து, சூடான். மறுபடி மேற்படி. சுவிட்சர்லாந்துக்காரன் யுவானை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் பாண் வாங்கும் எண்ணமே போய்விட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனாள். வரிசையை விட்டுப் போனால் உம்மா வீட்டுக்குள் விடமாட்டாள்.

அரசாங்க அலுவலக எழுதுவினைஞர் சேவைப் பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டவள் அவள். அப்போது கிடைத்ததையெல்லாம் முழுக்க முழுக்கப் படித்தாள். பரீட்சை மண்டபத்தில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போயின. வயதெல்லைப்படி இந்தமுறைதான் கடைசி. தவறினால் வாப்பாவின் துணிக்கடையில் கணக்கெழுதலாம். அங்கே இப்போது எழுத என்ன இருக்கிறது? கூப்பனுக்கு வருகிற துணியை வெட்டிக் கொடுத்தால் கடை காலியாகிவிடுகிறது.

இந்தமுறை வேறு வழியில் போனாள். பொது நூலகத்தில் ஒரு தடித்த ஆண்டு நூல் உண்டு. "இது வெளிய போகாது, பிள்ளை. இருந்து பாக்கலாம்," என்று நூலகர் தம்பையா கையை விரித்துவிட்டார். அதனால் ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் அங்கேயே குந்தியிருந்து, எழுபது பக்கத்தை நாலு பக்கமாகச் சுருக்கினாள். மாறாத விஷயங்கள் மட்டும். தலைப்பே 'மாறாதவை' என்றுதான் போட்டாள். ஆறு என்றால் நீளம், பிறக்கும் இடம், கடலில் சேரும் இடம். மாகாணம் என்றால் அதற்குள் அடங்கும் மாவட்டங்கள். ஒரே விடை பலதுக்கு வந்தால் ஒருமுறை எழுதி மற்றதுக்கெல்லாம் மேற்படி போடுவாள். நாணயத்துக்கு அந்த வழி அழகாகப் பொருந்தியது. பிராங்க் நாடுகள் ஒரு கட்டு, டொலர் நாடுகள் ஒரு கட்டு, தினார் நாடுகள் ஒரு கட்டு.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்கு வந்து கூடப் படித்தவள் மரியகொரட்டி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் அவளுடைய அப்பா அந்தோனி வாத்தியார். இந்திய வம்சாவளிக் குடும்பம்; பதிவுப் பிரஜை என்ற குடியுரிமைக் கடதாசி கையில் இருந்தபடியால்தான் அவளால் விண்ணப்பிக்க முடிந்தது. கொரட்டிக்கு முத்தான எழுத்து. அதனால் ஸுபைராவே ஒருநாள் சொன்னாள், "பரீட்சையில நாட்டுப் பேரச் சொல்லித்தான் கேப்பான். அகர வரிசைல மாத்தி ரெண்டு பிரதி எழுதிரு. எனக்கு ஒண்டு, உனக்கு ஒண்டு." கொரட்டி ஒவ்வொரு வரியையும் அப்படியே தூக்கி, அகர வரிசையில் வைத்து எழுதினாள். மேற்படியும் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஆனால் மேலே இருந்த நாடு மாறிவிட்டது. பிரதி வந்த மகிழ்ச்சியில், தன் பழைய கிறுக்கல் தாள்களை ஸுபைராவே அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

அப்படியென்றால் கொரட்டியின் தாளும் இதே தாள்தான்.

மறுநாள் சனிக்கிழமை. கொரட்டி வர மாட்டாள் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். கடைசி வாரம் வீட்டிலேயே இருந்து படிக்கப் போகிறாளாம். நூலகம் திறக்கும்போதே ஸுபைரா வாசலில் நின்றாள்.

"என்ன பிள்ளை, சாவிய உன்னட்டயே தந்திருக்கலாம் போல கிடக்கு," என்றார் தம்பையா.

அவள் அகர வரிசைத் தாளைத் திருத்த முயன்றாள். அரை மணிநேரத்தில் தாள் அடித்தலும் திருத்தலுமாகி, எது சரி எது பிழை என்று அவளுக்கே தெரியாமல் போனது. கிழித்துப் போட்டாள். புதிதாக ஒரு தாள் எடுத்து, தலைகீழாகத் தொடங்கினாள். நாணயத்தின் பெயரை மேலே எழுதிக் கோடிட்டு, அதன் கீழே நாடுகள். பிராங்க்: பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, லக்சம்பேர்க். தினார்: ஈராக், குவைத், ஜோர்தான், அல்ஜீரியா. ரியால்: ஈரான், சவூதி. ஒற்றைக்கு நிற்கும் யுவான், யென், டிராக்மா எல்லாவற்றுக்கும் மூலையில் ஒரு தனிப் பெட்டி. மேற்படி ஒன்றுகூட இல்லை. ஒரு நாட்டை எங்கே தூக்கி வைத்தாலும் தன் தலைப்பை விட்டுப் போகாது. முடித்துப் பார்த்தால், பழைய பட்டியலில் பாதிதான் இருந்தது.

அப்போது பத்தரை. நூலகம் நண்பகலில் பூட்டிவிடும். மலைகளின் உயரத்தையும் ஒருமுறை சரி பார்க்க நினைத்திருந்தாள். அந்தப் பட்டியலிலும் மலை இருக்கும் நாட்டுக்கு நேராக மேற்படி கிடந்தது. இரண்டு வேலைக்கு நேரம் இல்லை. ஒன்று மலைகளைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் தாளை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

பேனாவை மூடினாள், திறந்தாள். இடங்கள் கொஞ்சம், எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். கொரட்டிக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்கு அடுத்தமுறையும் இருக்கிறது. இந்த எண்ணம் வந்ததை ஸுபைரா தனக்குத்தானே மறைக்கவில்லை. அகர வரிசையில் மாற்றச் சொன்னது யார்? தான்தான். மலைகளை மூடி வைத்துவிட்டு இரண்டாவது பிரதியைத் தொடங்கினாள்.

தபாலில் போட்டால் தோட்டத்துக்கு எப்போது போய்ச் சேருமோ. துணிக்கடையில் போய் வாப்பா இத்ரூஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதிர்ல ஓடுறவளுக்கு நீயே செருப்புத் தெச்சுக் குடுக்கப் போற?"

"செருப்ப அறுத்தது நான்தான் வாப்பா."

கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். ரயில் அலியெல்லையைத் தாண்டியது. பிறகு மெல்லக் கேட்டார், "அந்தத் தாள இங்க காட்டு. குவைத்துக்கு என்ன?"

"தினார்."

"சுவிட்சர்லாந்து?"

"யுவா... பிராங்க்."

"ஆங், அங்க வழுக்குது. திரும்பச் சொல்லு."

தெமோதரையில் இறங்கும்வரை அவர் விடவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலிருந்த ஆசிரியர் வீட்டு வாசலில் கொரட்டி இவர்களைக் கண்டதும் பதறிப்போனாள். "என்னக்கா, பரீட்சைய நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தல்ல. உன்ட தாளக் கொண்டா. சிரியாவுக்கு என்ன?"

"ஷில்லிங்," என்றாள் கொரட்டி, பாடமாக. உடனே முகம் மாறியது. "ஏங்க்கா?"

விஷயம் விளங்கியதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "ஐயோ, நான் 'ம' வரைக்கும் மனப்பாடம் பண்ணிட்டேன்க்கா. எழுதுறப்ப எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எழுத்து நேரா வருதாங்கிறதுலயே கண்ணு இருந்துச்சு."

"எனக்கும்தான் தோணல்ல. பழையத மறக்கோணும். அதுதான் கஷ்டம்."

அந்தோனி வாத்தியார் தேநீரும் அவித்த மரவள்ளியும் கொண்டுவந்து வைத்தார். "பாண் கேட்டுடாதீங்க முதலாளி," என்று வாப்பாவிடம் சிரித்தார். வாப்பா பாண் வரிசையின் ஷில்லிங் கதையை எடுத்துவிட்டார். இரண்டு அப்பாமாரும் சிரிக்கச் சிரிக்க, இரண்டு பெண்களும் தாளைப் பிடித்து மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியதாயிற்று.

பரீட்சையில் நாணயம் ஐந்து கேட்டிருந்தான். அதில் சுவிட்சர்லாந்து இருந்தது. ஸுபைராவின் பேனா 'யு' என்று எழுதி நின்றது. கண்ணை மூடினாள். ரயில் சத்தத்துக்குள் வாப்பாவின் குரல் கேட்டது. அடித்துவிட்டுப் பிராங்க் என்று எழுதினாள். மலை உயரம் இரண்டு கேட்டிருந்தான். ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. மற்றதை ஊகித்து எழுதினாள்.

முடிவு வந்தபோது பட்டியலின் அடியில், கீழிருந்து நாலாவதாக அவளுடைய பரீட்சைச் சுட்டெண் இருந்தது. கொரட்டிக்குக் கணக்குத் தாள் காலை வாரிவிட்டது. அடுத்தமுறை எழுதி, ஸுபைராவைவிட நல்ல இடத்தில் தேறி, "பாத்தீங்களாக்கா, உங்க பட்டியல் எனக்குத்தான் கூடப் பலிச்சிருக்கு," என்று கடிதம் போட்டாள்.

ஸுபைராவுக்கு மொனராகலைக் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை. ஷுக்ரி ஹாஜியார் பஸ் நிலையத்துக்கே வந்து, "சம்பளம் ஷில்லிங்குல குடுத்தா வாங்கிராத," என்று வழியனுப்பினார். அந்த நாலு பக்கமும் அவளிடமிருந்து இன்னொருத்திக்கு, அவளிடமிருந்து வேறொருத்திக்கு என்று போய்க்கொண்டிருந்தன. எழுபத்தெட்டில் நாட்டின் இருபத்திரண்டு மாவட்டம் இருபத்துநாலானபோது, தாள் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அவளே தபாலட்டை போட்டாள். மாறாதவை என்று தலைப்புப் போட்டிருந்தவள் அல்லவா.

கச்சேரியில் அவள் எழுதிய பதிவேடுகளைப் பார்த்துப் பிரதம எழுதுவினைஞர் அலுத்துக்கொள்வார். நாற்பது வரியிலும் ஒரே கிராமத்தின் பெயர், நாற்பது தடவையும் முழுதாக எழுதியிருக்கும்.

"மிஸ், ஒரு மேற்படி போட்டா மை மிச்சம், நேரம் மிச்சம்."

"இருக்கட்டும் சேர்," என்று சொல்லிவிட்டு, நாற்பத்தோராவது வரியிலும் கிராமத்தின் பெயரை முழுதாக எழுதுவாள்.