இடப்பக்கத்துக் கப்பல்

கூடலூரிலிருந்து குமுளி வழியாக ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரனுக்கு விடியலில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வேலை. நடுவில் பகல் பூராவும் காத்துக் கிடக்க வேண்டும். காய் எடுக்கிற பொம்பளைகளைத் தோட்டத்தில் இறக்கிவிட்டால் அவர்கள் திரும்பி வருகிற வரை ஷெட்டுப் பக்கம் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். டவர் கிடைக்காது. மற்ற டிரைவர்கள் வண்டிக்குள் காலை நீட்டித் தூங்குவார்கள். நானும் என் கூட்டாளியும் கப்பல் கட்டம் போடுவோம்.

அவன் மகள் தேனியில் காலேஜ் படித்தாள். அவள்தான் கம்ப்யூட்டரில் இருந்து அந்தத் தாள்களை எடுத்துக் கொடுப்பாள். ஆறுக்கு ஆறு கட்டம். வலப்பக்கம் ஒவ்வொரு வரிசைக்கும் நேராக ஓர் எண், தலைமாட்டில், மேலிருந்து கீழே இறங்குகிற ஒவ்வொரு நெட்டுக்கும் ஓர் எண். அந்த வரிசையில், அந்த நெட்டில், எத்தனை கட்டத்தில் கப்பல் கிடக்கிறது என்பதற்கு அது கணக்கு. மூன்று கட்ட நீளத்தில் ஒரு கப்பல், இரண்டு கட்ட நீளத்தில் இரண்டு, ஒற்றைக் கட்டத்தில் மூன்று. எதுவும் எதையும் தொடக்கூடாது, மூலைக்கு மூலைகூட. ஒன்றிரண்டு கட்டத்தில் மட்டும் கப்பலின் முனையோ நடுத்துண்டோ முன்னமே அச்சாகியிருக்கும். மீதியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கு எனக்கு அப்போது ஒத்தே வந்ததில்லை. ஆனால் இது எனக்குப் பிடித்துப் போனது. காரணம், எங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். கப்பல் எங்கே இருக்கும் என்று அவன் பார்ப்பான். எங்கே இருக்காது என்று நான் பார்ப்பேன். இருக்காத கட்டத்தில் புள்ளி வைப்பதற்கு எங்கள் பேச்சில் தண்ணி தெளிப்பது என்று பெயர். எல்லாவற்றிலும் ஆபத்தைத் தேடுகிற புத்திக்கு அது தோதான வேலை. இன்னொன்றும் வைத்திருந்தோம். ஏன் என்று சொல்லாமல் பென்சிலைத் தாளில் வைக்கக்கூடாது. "சும்மா தோணுது" என்று சொன்னால் அன்றைக்கு டீச் செலவு சொன்னவனுடையது.

நான் பயந்தாங்கொள்ளி. மலை ஏறும் முன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன், ஏறிய பிறகும் மிதித்துப் பார்ப்பேன். மழை தூறினால் டயரைப் போய்த் தடவுவேன். காய் எடுக்கிற கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஓர் அக்கா இருந்தாள். என் ஜீப்பில் ஏறும்போதெல்லாம், "இவரு வண்டியில பெட்ரோலு ஊத்த வேணாம்டி, பயத்துலயே ஓடும்" என்பாள். வண்டியே சிரிக்கும். அவன் ஜீப்புக்குத்தான் எப்போதும் அடிபிடி. அவன் பாட்டுப் போடுவான், வளைவில் ஒற்றைக் கையால் திருப்புவான், ஒரு நாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அதனால்தான் அந்தக் கீறல் என் கண்ணில் பட்டது. அவன் ஜீப்பின் இடது பக்கக் கண்ணாடி மடங்கி, மட்கார்டில் பாறைத் தேய்ப்பு. "எவனோ உரசிட்டுப் போயிட்டான்" என்றான். இரண்டு நாள் கழித்து அதே பக்கம் இன்னொன்று. சாப்பாட்டுத் தூக்கில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டு, இடது பாதியை அப்படியே மூடி வைத்தான். வீட்டில் சண்டையோ என்று நினைத்தேன். கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் மழிக்காத தாடி. கேட்டேன்.

"தலை வலிக்குது மாப்ள. தூக்கமில்ல. நீ ஆரம்பிச்சிராத."

ஆரம்பிக்கவில்லை. ஆனால் என் மனசு அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் பனி இறங்கியிருந்தது. ஷெட்டு ஓரம் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியின் மேல் தாளை விரித்தோம். தாளில் இரண்டு துண்டு அச்சாகியிருந்தது. வலது கடைசி நெட்டில், நாலாவது வரிசையில், ஒரு கப்பலின் கீழ் முனை. இடது கடைசி நெட்டில், மூன்றாவது வரிசையில், ஒரு நடுத்துண்டு.

அவன் பழையபடிதான் பேசினான். "இந்தா, கீழ்முனை. அப்ப இதுக்கு மேல ஒண்ணு உண்டு. இந்த நெட்டுக்கு ரெண்டுதான், ஆச்சு. பக்கத்து நெட்டப் பாரு, அதுக்கும் ரெண்டு. ஆனா நடு மூணும் இந்தக் கப்பல இடிக்கும். அஞ்சாவது வரிசைக்குச் சைபரு போட்டிருக்கான். மிச்சம் உச்சியும் அடியும்தான். போடு!" மேல் வரிசைக்கு இரண்டு என்று இருந்ததால் அங்கே பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்தான். என்ன வேகம். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு நின்றுவிட்டான். நாலாவது வரிசைக்கு மூன்று என்று எழுதியிருந்தது. அதில் ஒன்றுதான் கிடைத்திருந்தது.

"இதுல இன்னும் ரெண்டுக்கு எங்க போறது? எடமே இல்லையே."

"அங்கன பாரு மாப்ள, இடப்பக்கம்."

"பாத்துட்டேன்லே. எல்லாம் முடிஞ்சுருச்சு. தாளு தப்பு."

இடது கடைசி நெட்டுக்கு மேலே நாலு என்று பெரிதாக அச்சாகியிருந்தது. அதன் கீழே கறுப்பாக நடுத்துண்டு. தாள் தப்பு என்று அவன் அதுவரை சொன்னதே கிடையாது. அவன் கண் தாளின் நடுவரை வந்து, சுவரில் முட்டியது மாதிரி திரும்பிப் போவதைப் பார்த்தேன். கண்ணாடி, சோறு, தாடி எல்லாம் ஒரே பக்கம்.

தாளை எடுத்தேன். தலைகீழாகத் திருப்பி அவன் முன்னால் வைத்தேன்.

"வேற தாளா? எதுக்குலே தலைகீழா குடுக்குற?" என்று சிரித்தான். குனிந்து பார்த்தான். "நாலு போட்டிருக்கான். அட, நடுத்துண்டு, ஓரத்து நெட்டுல. அப்ப படுக்க வழியில்ல, நின்ன வாக்குலதான் கெடக்கும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மூணு ஆச்சு. நாலாவது இதோட ஒட்டக் கூடாது. அப்ப உச்சியில தனியா ஒண்ணு. லேசு!" நாலு கட்டத்தையும் கறுப்பாக்கினான். தன் கையால் முதலில் போட்டிருந்த கப்பல்கள் இப்போது அவனுடைய இடப்பக்கம் இருந்தன. அவற்றை அவன் பார்க்கவே இல்லை.

நான் தாளை நேராகத் திருப்பினேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு தன் கையாலேயே தாளைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். ஒரு பக்கம் வந்தால் இன்னொரு பக்கம் போயிற்று. கிட்டே வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான். கடைசியில் விரலை வலது ஓரத்தில் வைத்து மெதுவாக இடது பக்கம் நகர்த்திக்கொண்டே போனான். விரல் தாளைத் தாண்டிப் பெட்டியின் விளிம்புக்குப் போன பிறகுதான் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தான்.

"ரோட்டுலயும் இப்படித்தான் இருக்குமோ?" என்றான்.

ஏனென்று சொல்லாமல் பென்சில் வைக்கக்கூடாது என்றிருந்தோமே, ஏன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் விரிந்து கிடந்தது.

சாயங்காலம் பொம்பளைகள் ஏலக்காய் வாசத்தோடு வந்து அவன் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். தோட்டத்து ரோட்டில் பாதி தூரம் இடப்பக்கம் வெறும் சரிவு. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவனே சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"எல்லாரும் அவன் வண்டியில போங்கத்தா" என்றான்.

"ஐயோ, அந்த வண்டியா? வீட்டுல போயி உலை வைக்கணும்ப்பா, நாளைக்கில்ல சேருவோம்!" என்றாள் அந்த அக்கா. யாரும் சிரிக்காததைக் கண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வண்டியில் ஏறினாள்.

இரண்டு நடையாக எல்லாரையும் இறக்கினேன். முதல் நடையிலேயே அவனை முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோனேன். ஜீப்பில் என் இடது பக்கம் உட்கார்ந்து அவன் வந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். மலையைப் பார்க்கவில்லை.

தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலது பக்கம் கட்டி. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, மூளைதான் இடப்பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். மதுரையில் தலையைத் திறந்து எடுத்த மட்டும் எடுத்தார்கள். முழுசாக எடுக்க முடியாது என்று வெளியே வந்து என்னிடமும் அவன் சம்சாரத்திடமும் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க முன்னாடியே பயந்தீகளே" என்று மட்டும் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதன் பிறகு வேலையில்லாத நாளெல்லாம் அவன் வீட்டுக்குப் போவேன். டம்ளரை இடப்பக்கம் வைத்தால் காப்பி ஆறிப்போகும். நான் வலப்பக்கம் நகர்த்தி வைப்பேன். கட்டம் போட ஒரு வழி கண்டுபிடித்தோம். அவனே சொன்னதுதான். தாளை நடுவில் மடித்துக் கிழித்து, வலது பாதி அவனுக்கு, இடது பாதி எனக்கு. வரிசைக் கணக்கு அவன் தாளில் இருக்கும். அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ரெண்டாவது வரிசைக்கு மூணு. எம்பக்கம் ஒண்ணு. உம்பக்கம் ரெண்டு இருக்கா பாரு."

"இருக்கு மாப்ள."

"ஏன்?"

ஏன் என்று சொல்வேன். சரி என்பான். போகப் போக அவன் பாதியிலும் கட்டங்கள் மங்கின. எண்ணைச் சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா இருப்பான். ஒரு நாள், "எம்பக்கம் முழுக்கத் தண்ணி தெளிச்சு விட்டுரு மாப்ள" என்றான். பேச்சு மாறட்டும் என்று அந்த அக்கா விசாரித்ததைச் சொன்னேன். அவனும் அதைப் பேசினான்.

தை பிறக்கும் முன் போய்விட்டான்.

அவன் மகள் இன்றைக்கும் தாள் எடுத்துக் கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஷெட்டு ஓரத்தில் உட்கார்ந்து தண்ணி தெளிக்கத் தொடங்குவேன். இருக்காத கட்டமெல்லாம் தெரிகிறது. கப்பலும் தெரிந்துவிடும், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் நடுக்கோட்டுக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடுகிறது. போன வாரம் அந்த அக்கா பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏன், பாதியில விட்டுட்டீக? அங்கன போடத் தெரியலையா?"

"அது அவன் பக்கம்க்கா" என்றேன்.

அவள் சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு, என் ஜீப்பில் முன்சீட்டை விட்டுவிட்டு, பின்னால் போய் ஏறினாள்.