மழை கொட்டிய அன்று நடந்த தண்ணீர்க் கூட்டம்

லகாட்டில் இரண்டு மாடிக் கல் வீடு கட்டினேன். ஈப்போவில் என் பெயர்ப் பலகை தொங்கும் குழாய்க் கடையை வைத்தேன். லூமுட்டில் மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குக் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை குழாய் ஏற்றினேன். சிலிம் ரிவரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தொட்டி வைத்துக் கொடுத்தேன், அது இன்று வரை ஒழுகவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் செய்த வேலை இதெல்லாம். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கித்தா, அதாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், எழுபதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வந்து ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், சேர்ந்து, இரும்புக் குழாயில் மரை வெட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வருடம் முழுக்க என் உள்ளங்கை எண்ணெயும் இரத்தமுமாகத்தான் இருந்தது.

ஆனால் இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று செய்தேன். எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். தோட்ட வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்களாம். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை எனக்குக் காட்டினார்கள். அந்தத் தண்ணீர் வந்த கதையில் என் பெயர் இல்லை. கொதித்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பிறந்த லயத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். முன்னால் ஓடை. பின்னால் ஈயம் தோண்டிவிட்டுப் போன பெரிய குட்டைகள். பிற்பகலானால் மழை. ஓடைத் தண்ணீரில் ரப்பர் பால் தொழிற்சாலைக் கழிவு நாறும். குட்டைத் தண்ணீர் பச்சையாக நிற்கும், அடியில் வெள்ளைச் சேறு. குடிக்கவும் சமைக்கவும் தோட்டத்துப் பழைய பம்பு காலையில் கொஞ்ச நேரம் விடும் தண்ணீர்தான். நாற்பது வீட்டுக்கு இரண்டு குழாய். சண்டை போடாமல் எந்தப் பெண்ணும் குடத்தை நிரப்பியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தை விற்க ஏற்பாடு நடந்தது. மரங்களை வெட்டினார்கள். பம்பு கெட்டது, கம்பெனி அதைப் பழுது பார்க்கவில்லை. விற்கப்போகிற நிலத்தில் எதற்குச் செலவு என்று விட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரிய குழாய் சாலையோரமாகவே போகிறது. அங்கிருந்து லயத்துக்கு ஒரு மைல்கூட இருக்காது. ஆனால் அது தனியார் நிலம், நாங்கள் உள்ளே வர முடியாது என்றது தண்ணீர் அலுவலகம். இவர்கள் வரமாட்டார்கள், அவர்கள் செய்யமாட்டார்கள். நடுவில் என் அக்கா குட்டைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். விறகு நனைந்திருந்த ஒரு நாள் சரியாகக் காயாத தண்ணீரைக் குடித்து, அவளுடைய சின்ன மகன் வாந்தியும் பேதியுமாக ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தது பெரிய விஷயம்.

"எங்க வீட்டுக்கு வந்துரு அக்கா," என்றேன்.

"நான் வந்துருவேன். மத்த முப்பத்தொம்பது வீட்டையும் ஒன் மாடியிலயா வைக்கப் போற?" என்றாள்.

சரி என்று நானே இறங்கினேன். லயத்து ஆட்கள் ஏற்கனவே ஒரு மனு போட்டிருந்தார்கள். வறட்சி நிவாரண நிதி என்று ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, அதற்கு எழுதிவிட்டார்கள். தண்ணீர் இல்லை என்றால் வறட்சிதானே என்பது அவர்கள் எண்ணம். மனு திரும்பி வந்துவிட்டது. நான் விடவில்லை. அலுவலகத்தில் போய் நின்று, ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கத்தினேன். கடைசியில் ஒரு கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

கூட்டம் பழைய பால் கொட்டகையில். தகரக் கூரை. லயமே திரண்டு வந்திருந்தது. அதிகாரி நம்ம ஆள்தான், ஈப்போக்காரர், பளபளவென்று காலணி. அவரோடு கோலாலம்பூரிலிருந்து ஒரு பொறியாளர் பெண்ணும் வந்திருந்தாள். அதிகாரி உட்கார்ந்ததும் சிரித்தார்.

"அண்ணே, மனுவுல கெமாராவ்னு எழுதியிருக்கீங்க. ஈப்போவுல எங்கண்ணே வறட்சி? குடை இல்லாம வெளிய போக முடியல."

"குழாயில தண்ணி இல்லன்னா வறட்சிதானேலா?" என்றார் மனு போட்டவர்களில் ஒருவர்.

"நாம நெனச்ச மாதிரி சொல்லிக்க முடியாதுண்ணே. இப்ப வெளிநாட்டுல புதுசா ஒரு அளவு வச்சிருக்காங்க." கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஆயிரத்து எழுநூறு கன மீட்டர் தண்ணி. அதுக்குக் கீழ போனா நெருக்கடி. ஆயிரத்துக்குக் கீழ போனா பற்றாக்குறை. ஐந்நூறுக்குக் கீழன்னா கடும் பற்றாக்குறை. நம்ம ஆறு, மழை எல்லாத்தையும் ஜனத்தொகையால வகுத்தா, நாம அந்த ஆயிரத்து எழுநூறுக்கு எத்தனையோ மடங்கு மேல இருக்கோம். உங்களுக்குப் பற்றாக்குறையே கெடையாது."

எனக்குப் பெரிய படிப்பு இல்லை, ஆனால் தண்ணீர்க் கணக்கு வரும். ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர், மழைநீர் பிடிக்கும் பெரிய இரும்புப் பீப்பாயை நாங்கள் தோங் என்போம், அதில் ஐந்து. அப்படிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்து மூன்று தோங். எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

"இருபத்து மூணு தோங்கா?" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். "அந்த நாட்டுல ஆளாளுக்கு யானை வளக்கிறாங்களா?"

கொட்டகை அதிரச் சிரித்தது. பொறியாளர் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

"இல்லக்கா," என்றாள். "அது குடிக்கிற தண்ணி மட்டும் இல்ல. நீங்க சாப்பிடுற அரிசி வெளையற தண்ணி, தொழிற்சாலைக்கு, ஆறு வத்தாம ஓடுறதுக்கு, எல்லாம் சேத்துத்தான். வீட்டுக்கு மட்டும்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை தோங் இருந்தா தாராளம்."

"அந்த அரை தோங்தான் இல்லைங்கிறோம்!" என்றேன். கோபம் தலைக்கேறிவிட்டது. "ஆறு ஓடுது சார், சரி. அது எங்க அக்கா குடத்துக்கு எப்படி வரும்? நடந்து வருமா? வகுத்துப் பாத்தேன்னு சொல்றீங்களே, வகுத்த தண்ணிய எந்தக் குழாயில ஊத்துனீங்க? எங்களுக்கு வந்திருக்கிறது மழைப் பஞ்சம் இல்ல. குழாய்ப் பஞ்சம்!"

குழாய்ப் பஞ்சம். இந்த வார்த்தையைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. சாதாரண மழையா அது! தகரத்தில் கல்லைக் கொட்டினாற்போல் இரைச்சல். அதிகாரி கூரையைக் கைகாட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கவா வேண்டும்?

நான் பதில் சொல்லத் திரும்பினால், கூட்டத்தைக் காணோம். அத்தனை பேரும் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள், சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் தோங்கை வைத்து மழைநீர் பிடிக்க வேண்டும். எங்கள் லயத்தில் மழை என்றால் அப்படித்தான். சாமிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாலும் தட்டை வைத்துவிட்டு ஓடுவார்கள்.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நீ பேசிக்கிட்டிரு தம்பி, நான் தோங்க வச்சிட்டு வாரேன்!" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள் அக்கா.

கொட்டகையில் வெறும் பெஞ்சுகள். அதிகாரி தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். மழை சற்றுத் தணிந்ததும், "அவங்களுக்கே அக்கறை இல்லண்ணே. கூட்டத்துல உக்கார முடியல. இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு மனு வேற," என்றார். அந்த ஆளை அங்கேயே ஓடையில் தள்ளியிருப்பேன். என் ஆட்கள் மேலும் அவ்வளவு ஆத்திரம். நாயாய் அலைந்து கூட்டம் போட்டால், ஒரு மழைக்கு விட்டுவிட்டு ஓடுகிறார்களே!

பொறியாளர் பெண் மட்டும் வாசலில் நின்று லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்க நனைந்து திரும்பி வந்த அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா ஓடுனீங்க? பேச்சு முக்கியமான எடத்துல இருந்துச்சே."

"பேச்ச நாளைக்கும் பேசலாம்மா. இந்த மழைய விட்டா நாளைக்குக் குட்டைத் தண்ணிதான். ஏற்கனவே எம் புள்ளைய ஆஸ்பத்திரியில போட்டு எடுத்திருக்கேன்."

"புடிச்சது எத்தன நாளைக்கு வரும்?"

"ரெண்டு மூணு நாளு. அப்பறம் கொசுப்புழு வந்துரும்லா."

பொறியாளர் பெண் அதிகாரியிடம் திரும்பினாள். "சார், உங்க வீட்டுல மழை வந்தா என்ன செய்வீங்க?"

"ஜன்னல சாத்துவேன்."

"வீட்டுல குழாய் இருக்கிறவங்க ஜன்னல சாத்துவாங்க. இவங்க எதுக்கு ஓடுறாங்க? நீங்க படிச்ச அளவு தப்பில்ல சார். அது ஆத்துல எவ்வளவு இருக்குன்னு சொல்லும். வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னு சொல்லாது. சில நாட்டுல குழாய் போட்டாலும் விடறதுக்குத் தண்ணியே இருக்காது. அது ஒரு பஞ்சம். இங்க தண்ணி கெடக்கு, கொண்டு வரக் காசும் அனுமதியும் இல்ல. இது வேற பஞ்சம். வறட்சி நிதியில கேட்டா எந்தக் காலத்துலயும் கெடைக்காது. குழாய் நீட்டிப்புன்னு கேக்கணும்."

கவனியுங்கள். கொஞ்ச நேரம் முன்பு நான் கத்திச் சொன்னதைத்தான் அவள் நிதானமாகச் சொன்னாள். நல்ல பெண், கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. புது மனுவை அவளே எழுதிக் கொடுத்தாள், வேண்டிய இடத்தில் பேசினாள். ஆனால் கம்பெனிக்காரனிடம் நிலத்துக்குள் குழாய் போக அனுமதி வாங்கியது யார்? அந்த ஆபீஸ் வாசலில் தினமும் போய் நின்றவன் நான். "இவன உள்ள விட்டுக் கையெழுத்துப் போட்டுத் தொலைங்கடா" என்று அவர்களே அலுத்துப்போகும் வரை நின்றேன். சாலையிலிருந்து லயம் வரை பள்ளம் தோண்ட ஆள் சேர்த்தது நான். தினமும் மழையில் மண் சரிந்து மூடும், மறுபடி தோண்டுவோம். ஒவ்வொரு இணைப்பையும் என் கையால் முறுக்கினேன், கூலி வாங்கவில்லை.

குழாய் திறந்த அன்று ஒரு அரசியல்வாதி வந்து கழுத்தில் மாலையோடு அதைத் திருகினார். அதிகாரி, அதே பளபளக் காலணி, பக்கத்தில் நின்று கைதட்டினார். பற்றாக்குறையே கிடையாது என்ற மனிதர்! திறப்பு விழாக் கல்வெட்டில் அந்த அதிகாரியின் பெயர் இருக்கிறது. அன்று சாயங்காலமே மழை வந்தது. பழக்கத்தில் நாலைந்து பேர் தோங்கை நோக்கி ஓடினார்கள். அக்கா படியில் உட்கார்ந்தபடி, "எங்கடி ஓடுறீங்க, உள்ள போய்க் குழாயத் தெறங்க," என்று திட்டிச் சிரித்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ரொம்ப வருடம் கழித்து, படித்த ஒருவர் என் கடையில் உட்கார்ந்து விளக்கினார். இயற்கையாகவே தண்ணீர் போதாமல் போவது ஒரு வகைப் பற்றாக்குறையாம். தண்ணீர் இருந்தும், பணமும் ஏற்பாடும் இல்லாததால் மக்களுக்கு எட்டாமல் போவது பொருளாதாரப் பற்றாக்குறையாம். உலக நிபுணர்கள் கண்டு சொன்னார்களாம். பால் கொட்டகையில் நான் சொன்னபோது எந்த நிபுணர் பக்கத்தில் இருந்தார்?

இதை அக்காவிடம் சொன்னால், "நீ எங்கடா சொன்ன? உக்காரு உக்காருன்னுதானே கத்துன," என்கிறாள். அது அதற்குப் பிறகு. முதலில் சொன்னது குழாய்ப் பஞ்சம். கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

புத்தகம் போடுகிறவர்களே, "அரசாங்கமும் பொறியாளரும் தண்ணீர் கொண்டு வந்தனர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் பெயரை எடுக்க வேண்டாம். மழைக்கு ஓடியவர்களையும் எழுதுங்கள், என் அக்கா முதலாக. அவர்கள் ஓடியிராவிட்டால் அந்தப் பொறியாளர் பெண் ஏன் ஓடினீர்கள் என்று கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டியவன், பஞ்சத்துக்குப் பெயர் வைத்தவன், பள்ளத்தில் இறங்கிக் குழாயை முறுக்கியவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். போடாமல் அச்சடித்தால் அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.