சரிபார்த்த பிறகே பணம் அனுப்பவும்

அந்த அறிவிப்பை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எங்கள் முதலாளி பாய் அதுவரை தன் ஒருவர் பெயரில் நடத்திவந்த நண்டு, இறால் கொள்முதலில் தங்கையையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார். கூட்டு நிறுவனம் என்றால் புது பான் அட்டை, புது ஜிஎஸ்டி எண், புது நடப்புக் கணக்கு. பழைய கணக்கை மாதக் கடைசியில் மூடிவிடுவார்கள். நண்டு வாங்குகிறவர்களுக்கும், எங்களுக்கு நண்டு போடுகிறவர்களுக்கும், ஐஸ் கட்டி, தெர்மாக்கோல் பெட்டி தருகிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

நான் படித்தது குளிர்பதனத்தில் டிப்ளமோ. பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைக்குப் பின்னால் போகும் தெருவில் இருந்த எங்கள் கொட்டகையில் குளிரறையைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். கணினியைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அலுவலகமும் என் தலையில் வந்தது. பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். அறிவிப்பில் இருக்க வேண்டியவற்றைக் குளிரறைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: கணக்கின் பெயர், எண், வங்கி, கிளை, ஐஎஃப்எஸ்சி, எந்தத் தேதி முதல், பழைய கணக்கு எதுவரை, பழைய காசோலை வைத்திருப்பவர்கள் எப்போதுக்குள் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை. "எங்கள் பெயரில் போலிச் செய்திகள் வரலாம். கீழ்க்கண்ட எங்கள் புதிய அலுவலக எண்ணை அழைத்துச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்பவும்."

புதுக் கணக்கோடு புது சிம்மும் வாங்கியிருந்தோம். பழைய சிம்மை வீணாக்க மனமில்லை. குளிரறைச் சுவரில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி மாட்டியிருந்தேன். உள்ளே சூடு ஏறினால் என் போனுக்குச் செய்தி அனுப்பும். அதற்கு ஒரு சிம் வேண்டும். பழைய சிம்மை அதில் போட்டேன்.

பாய் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில கூட இவ்ளோ விவரம் இருக்காது."

வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி, அறுபத்து மூன்று பேரையும் சேர்த்து, அறிவிப்பைப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. வேலை முடிந்தது என்று பட்டியலில் ஒரு கோடு இழுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து நண்டு கொண்டுவரும் அக்கா வந்தாள். பத்துப் படகுக்காரர்களிடம் நண்டு சேர்த்து எங்களுக்குப் போடுகிறவள். கூடையை எடைக்கு வைத்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இன்னா பாப்பா இது? போன வாரம் ஒரு கணக்குன்ன. நேத்து வேற கணக்குன்ற. எங்களுக்குத் துட்டு எதுல இருந்து வரும்?"

"நேத்து நான் ஒன்னும் அனுப்பலக்கா."

"அய்ய, பாரு. நம்ம கொட்டாய் போட்டோதான."

எங்கள் பெயர்ப்பலகையின் படம்தான் அது. பக்கத்தில் நான் பார்த்தே இராத ஓர் எண். "திருத்தம்" என்று ஆரம்பித்தது. முந்தைய அறிவிப்பில் கணக்கு எண் தவறாக அச்சாகிவிட்டது, சரியான விவரம் கீழே. அதன் பிறகு வரிக்கு வரி என் அறிவிப்பு. மாறியிருந்தவை இரண்டே: கணக்கு விவரமும், அலுவலக எண்ணும். என் எச்சரிக்கையைத் தொடவே இல்லை. தடித்த எழுத்துகூட அப்படியே இருந்தது. கீழ்க்கண்ட எண்ணை அழைத்துச் சரிபார்த்த பிறகே பணம் அனுப்பவும்.

கை குளிர்ந்துபோனது. குழுவில் அறுபத்து மூன்று பேரின் எண்களும் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவருடைய போன் வழியாக அத்தனையும் வெளியே போயிருக்கிறது. புது எண்ணிலிருந்து செய்தி வந்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். புது எண் வரும் என்று சொன்னவளே நான்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால். சென்னையில் எங்கள் நண்டை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் வியாழன்தோறும் நண்பகலை ஒட்டி ஒரு வாரத்துப் பணத்தை அனுப்பும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்ததும் அதிலிருந்துதான் அக்காவுக்கும் அவள் பின்னால் இருக்கும் படகுகளுக்கும் பட்டுவாடா. அந்தப் பணம் இந்தப் போலிக் கணக்குக்குப் போய்விட்டால் நாளை கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

சென்னைக் கணக்காளரை அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். மறுபடி அழைத்தேன். அதே.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அக்காவின் போனில் அந்தப் போலி எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். நிதானமான, மரியாதையான குரல்.

"கணக்கு மாறிடுச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, ஒரு சின்னத் திருத்தம். நீங்க சரிபார்த்துட்டு அனுப்புறது ரொம்ப நல்லது. எண்ணைப் படிக்கட்டுங்களா?"

அவள் ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டு, நான் படிப்பது போலவே படித்தாள். நான் துண்டித்தேன்.

"யாரு அது?" என்றாள் அக்கா.

"நான்தான்னு சொல்றாக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

மூன்றாவது முறை சென்னையில் எடுத்தார்கள். நான் யார் என்று சொன்னதும் கணக்காளர், "இப்பத்தானே உங்ககிட்ட பேசிட்டு வச்சேன்" என்றார்.

"அது நான் இல்ல சார். பணம் அனுப்பிட்டீங்களா?"

அவர் வேறு குரலில், "நீங்க யாரும்மா?" என்றார்.

"சார், அந்தத் திருத்தம் போலி. நாங்க அனுப்பல. போன வாரக் கணக்குதான் சரி."

"அவங்களும் அதத்தாம்மா சொன்னாங்க. போலியா ஒருத்தர் கூப்பிடலாம், ஜாக்கிரதையா இருங்கன்னு. நான் சும்மா அனுப்புற ஆளு இல்ல. ஆறு வருஷமா என்கிட்ட இருக்குற உங்க பழைய நம்பருக்குத்தான் மொதல்ல அடிச்சேன். மூணு தடவ. மணி போவுது, எடுக்க ஆள் இல்ல. அப்புறம்தான் இந்த நம்பருக்குப் போட்டேன்."

பழைய எண் குளிரறைச் சுவரில் இருந்தது. மூன்று முறையும் அங்கேதான் அடித்திருக்கிறது, சத்தமில்லாமல், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறார். எடுக்க ஆள் இல்லாமல் செய்தது நான்.

"எவ்ளோ போயிருக்கு சார்?"

"அத ஏன் உங்ககிட்ட சொல்லணும்?"

"சொல்ல வேணாம். பத்து நிமிஷம் மட்டும் மேல எதுவும் அனுப்பாதீங்க. பத்து நிமிஷம் கழிச்சு அந்தப் பழைய நம்பருக்கே நீங்க கூப்பிடுங்க. நான் எடுப்பேன். எடுக்கலன்னா என்ன நம்ப வேணாம்."

அவர் வைத்துவிட்டார்.

குளிரறைக்கு ஓடினேன். பெட்டியின் மூடி நான்கு திருகாணிகளில் நின்றது. திருப்புளி வழுக்கி வழுக்கிப் போனது. ஒரு திருகாணி கீழே விழுந்து ஐஸ் தண்ணீரில் உருண்டது. சிம்மை எடுத்தாயிற்று. அலுவலகப் போனின் சிம் தட்டைத் திறக்க அதற்கான ஊசி மேசையில் இல்லை.

"இன்னா தேடுற?"

"கூரா ஏதாச்சும் குடுக்கா."

அக்கா தாலிக் கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, நிமிர்த்திக் கொடுத்தாள். "அழுவாத. மொதல்ல திற."

அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தட்டு வந்தது. சிம்மை வைத்து உள்ளே தள்ளினேன். திரையில் தேடுகிறது, தேடுகிறது என்று காட்டியது. எங்கள் தெருவில் டவர் கிடைப்பது காற்றைப் பொறுத்தது என்று வேடிக்கையாகச் சொல்வோம். அன்று அதற்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வந்து போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது. போனது. இரண்டு கோடு வந்தது. பத்து நிமிடம் தாண்டிவிட்டது.

மணி அடித்தது.

நான் எடுத்ததும் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "காலைல வண்டியில எத்தன கூடை ஏத்துனீங்க?"

"பதினெட்டு. ஒரு கூடைல கயிறு அவுந்திருந்தது. திரும்பக் கட்டி அனுப்பினோம்."

அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் ஓர் எல்லைக்கு மேல் அனுப்ப அவர் வங்கி விடாதாம். என்னிடம் பேசுவதற்குச் சற்று முன்புதான் அந்த எல்லை வரைக்கும் அனுப்பியிருந்தார். மீதியை நாளைக்கு என்று வைத்திருந்தார். வாரப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது.

அதன் பிறகு செய்ய வேண்டியவை எனக்குப் பட்டியலாகவே வந்தன. அவர் தன் வங்கிக்குச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்து, பணம் போன கணக்கை முடக்கச் சொன்னார். நான் அறுபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன், பழைய எண்ணிலிருந்து. இரண்டு பேர் பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். பொன்னேரியில் இருந்த பாய்க்குக் கடைசியில்தான் சொன்னேன்.

அவர், "நாளைக்குப் படகுக்காரங்களுக்கு எவ்ளோ குறையுது?" என்று மட்டும் கேட்டார்.

மீதிப் பணம், போன வாரமே அவர் சேர்த்துவைத்திருந்த சரியான கணக்குக்கு அன்று மாலையே வந்தது. போன பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் முடக்க முடிந்தது. மற்றதைச் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார்கள். அந்த நட்டம் யாருடையது என்று சென்னையும் பாயும் ஒரு வாரம் பேசினார்கள். போலிக் கணக்குக்குப் பணம் அனுப்பியது அவர்கள், பழைய எண்ணை எடுக்காதது நாங்கள். கடைசியில் ஆளுக்குப் பாதி. அந்த வெள்ளிக்கிழமை பாய் தங்கையிடம் கேட்டு வாங்கிவந்து எல்லோருக்கும் முழுசாகக் கொடுத்தார். அக்கா எண்ணி முடித்து, "என் ஊக்க எங்க?" என்றாள். கொடுத்தேன்.

புது அறிவிப்பைப் பாதிப் பக்கத்தில் எழுதினேன். அதில் எந்தப் போன் எண்ணும் இல்லை. "உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களை அழையுங்கள். இந்தத் தாளிலோ வேறு எந்தச் செய்தியிலோ வரும் எண்ணை நம்பாதீர்கள். கணக்கு மாறினால் நேரில் வந்து சொல்வோம்." குழுவைக் கலைத்தேன். பாயின் கையெழுத்தோடு சுண்ணாம்புக்குளம் வரை ஊர் ஊராக நேரில் போய்க் கொடுத்தேன். எச்சரிக்கைப் பெட்டிக்கு வேறு சிம் வாங்கினேன்.

அந்தப் பெண் யார் என்று தெரியவில்லை. அன்று மதியமே அந்த எண் அணைந்துவிட்டது. யாருக்காவது கணக்கு எண்ணைப் படிக்கும்போது, இலக்கங்களுக்கு நடுவே நான் விடும் இடைவெளியில் அவள் குரல் கேட்டுவிடுகிறது. நான் படிப்பதை நிறுத்திவிட்டு, தாளில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

சென்னைக் கணக்காளர் இப்போதும் வியாழன்தோறும் பணம் அனுப்பும் முன் பழைய எண்ணுக்குக் கூப்பிடுகிறார். நான் எடுத்தாலும் பேச மாட்டார். காத்திருப்பார். அன்று காலை எத்தனை கூடை ஏற்றினோம் என்று நான் சொன்ன பிறகுதான், "சரிம்மா, அனுப்புறேன்" என்பார். அந்தச் சில நொடிகள், நான்தான் நான் என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரைக்கும், ஒவ்வொரு வாரமும் என் கை குளிர்ந்துபோகிறது.